வர்ணத்தில் சரி, மங்களத்தில் தவறு: தனி ரெக்கார்டர் ஒலி வீடியோவை விட்டு நழுவும்போது

ஒரு சபா கச்சேரி எடிட்டுக்கு வந்தது. கேமரா ஹாலின் பின்வரிசையில் ஸ்டாண்டில் நிற்கிறது. நல்ல ஒலி மேடை ஓரத்தில் வைத்த தனி ரெக்கார்டரில் இருக்கிறது. வர்ணத்தில் இரண்டையும் பொருத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து தனி ஆவர்த்தனத்தைப் பார்த்தால், மிருதங்கக்காரரின் கை தோலில் பட்டு மேலே எழும்பிய பிறகுதான் சத்தம் வருகிறது. மங்களத்தில் இன்னும் மோசம், பாடகரின் வாய் மூடிய பிறகும் சொல் பாக்கி இருக்கிறது.

இதைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது, ஒலியைப் பிடித்து இரண்டு ஃபிரேம் தள்ளுவது. கடைசி சரியாகும், நடு கெடும். நடுவைச் சரிசெய்தால் ஆரம்பம் கெடும். இப்படியே ஒரு ராத்திரி போய்விடும். எந்த வகை நழுவல் என்று தெரியாமல் எதையும் தள்ளாதீர்கள், வகைக்கு வகை வைத்தியம் வேறு.

## முதலில் மூன்று இடத்தில் பாருங்கள்

ரெக்கார்டர் ஒலியைக் கேமராவின் சொந்த ஒலியோடு பொருத்த வேண்டும், படத்தோடு அல்ல. கேமரா மைக் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த ஒலியும் படமும் ஒரே கேமராவின் ஒரே கடிகாரத்தில் ஓடியவை. அதனால்தான் அதை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

இரண்டையும் டைம்லைனில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டு, ஆரம்பத்தில் ஒரு கூர்மையான ஓசையைப் பிடித்துப் பொருத்துங்கள். கிளாப் அடித்திருந்தால் நல்லது. கச்சேரியில் யாரும் கிளாப் அடிக்க விடமாட்டார்கள், அங்கே மிருதங்கத்தின் ஒரு தனி அடி அதைவிடத் துல்லியம். ரசிகர்களின் கைதட்டலை நம்பாதீர்கள், நூறு பேர் நூறு நேரத்தில் தட்டுவதால் அலைவடிவத்தில் அது ஒரு மொத்தையாகத்தான் தெரியும். தம்புராவும் உதவாது, அதற்கு முனையே கிடையாது.

பிறகு நடுவில் ஒரு இடம், கடைசியில் ஒரு இடம் பாருங்கள். கண்ணால் பார்க்க முடியாவிட்டால் இரண்டு ஒலியையும் சேர்த்து ஓட விடுங்கள். குழாய்க்குள் பேசுவது போலக் கேட்டால் சில மில்லிசெகண்டுதான் வித்தியாசம். தனியாக எதிரொலி மாதிரி கேட்க ஆரம்பித்தால் ஏறக்குறைய ஒரு ஃபிரேம் அளவுக்கு, அல்லது அதற்கு மேல் விலகியிருக்கிறது. 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்டு.

இந்த மூன்று இடத்திலும் என்ன தெரிகிறதோ அதுதான் அறிகுறி.

## “மெதுவாக, ஒரே சீராக விலகுகிறது”

கடைசியில் இருக்கும் விலகலில் சரியாகப் பாதி நடுவில் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு அரை செகண்டுக்குள்தான் மொத்தமும் என்றால், காரணம் கடிகாரம். கேமராவிலும் ரெக்கார்டரிலும் ஆளுக்கொரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. ரெக்கார்டர் தன் கணக்கில் செகண்டுக்கு 48000 சாம்பிள் எடுக்கிறது, ஆனால் அதனுடைய செகண்டும் கேமராவின் செகண்டும் ஒன்றல்ல. பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு வித்தியாசம் வருவது சாதாரணம். பத்து லட்சத்தில் 50 பங்கு என்றால் மணிக்கு 0.18 செகண்டு, அதாவது நாலரை ஃபிரேம். இரண்டு கருவியிலும் 48 கிலோஹெர்ட்ஸ் என்றே போட்டிருக்கும், இரண்டும் பழுதில்லை. செட்டிங்கை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

மேலே சொன்ன கச்சேரி இந்த வகைதான். அதை எப்படிச் சரிசெய்தேன் என்று எண்களோடு சொல்கிறேன்.

டைம்லைனில் அளந்தால் ஃபிரேம் கணக்கில்தான் அளக்க முடியும், 40 மில்லிசெகண்டு மிகவும் கரடுமுரடான அளவுகோல். அதனால் கேமரா ஒலியைத் தனியே பிரித்தெடுத்தேன்:

```
ffmpeg -i cam.mp4 -vn -c:a pcm_s24le cam.wav
```

இதையும் ரெக்கார்டர் கோப்பையும் ஆடாசிட்டியில் திறந்து, ஒரே மிருதங்க அடியை இரண்டிலும் தேடி, அடியின் முதல் எழுச்சி எந்த நேரத்தில் என்று மில்லிசெகண்டு வரை குறித்தேன். கேமராவில் 250.200 செகண்டு, ரெக்கார்டரில் 312.840. கச்சேரி முடியும் தறுவாயில் இன்னொரு அடி: கேமராவில் 5750.200, ரெக்கார்டரில் 5813.170.

இரண்டு அடிகளுக்கும் நடுவே கேமரா கணக்கில் 5500.000 செகண்டு. ரெக்கார்டர் கணக்கில் 5500.330. அதாவது ரெக்கார்டர் கோப்பு 0.33 செகண்டு நீளம் அதிகம், கடைசியில் ஒலி எட்டு ஃபிரேம் பிந்துகிறது. நடுவில் ஒரு அடியைப் பார்த்தேன், அங்கே விலகல் 0.16 செகண்டு சொச்சம். பாதிக்குப் பாதி, ஆகவே நேர்கோடு. ரெக்கார்டர் இடைவெளியைக் கேமரா இடைவெளியால் வகுத்தால் 1.00006. இந்த ஒரு எண்தான் வேண்டும்.

அளக்கும் இரண்டு அடிகளும் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நான் 5 மில்லிசெகண்டு தவறாகக் குறித்திருந்தாலும் 5500 செகண்டில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்குப் பிழைதான். அதே தவறை ஐந்து நிமிட இடைவெளியில் செய்திருந்தால் 17 பங்கு பிழை, திருத்திய பிறகும் மணிக்கு ஒன்றரை ஃபிரேம் நழுவும். இன்னொன்று, கேமராவை நடுவில் யாராவது இடம் மாற்றி வைத்திருந்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது ரெக்கார்டர் ஒலியை 1.00006 மடங்கு வேகமாக ஓட்ட வேண்டும். எடிட்டிங் மென்பொருளின் வேகப் பெட்டியில் போடலாமே என்று தோன்றும். பிரீமியரில் அந்தப் பெட்டி சதவீதத்துக்குப் பிறகு இரண்டு தசம இடம்தான் வாங்கும். எனக்கு வேண்டியது 100.006. கிடைப்பது 100.01, அதைப் போட்டால் 5500 செகண்டில் 0.55 செகண்டு குறைந்துவிடும், எனக்குக் குறைய வேண்டியது 0.33. பிந்திய ஒலி இப்போது 0.22 செகண்டு முந்தும், வாய் திறப்பதற்கு முன்னாலேயே பாட்டு. அது பிந்துவதைவிட அசிங்கமாகத் தெரியும். அதனால் வெளியே சாக்ஸ் நிரலில் செய்கிறேன்:

```
sox rec.wav rec_fix.wav speed 1.00006 rate -v 48k
```

`speed` வேகத்தோடு சுருதியையும் சேர்த்தே மாற்றும். பாட்டுக்காரர்கள் இதைக் கேட்டால் பதறுவார்கள், பதற வேண்டாம். இந்த அளவுக்கு மாறும் சுருதி ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு, எந்தக் காதுக்கும் எட்டாது. மாறாக, சுருதியைக் காப்பாற்றுகிறேன் என்று `tempo`, `atempo` மாதிரி நீட்டும் முறைகளைப் பயன்படுத்தினால், ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவதால் மிருதங்கத்தின் முனை மழுங்கும், தம்புரா லேசாக நெளியும். பேச்சுக்கு வேண்டுமானால் தெரியாமல் போகும், கச்சேரிக்கு வேண்டவே வேண்டாம்.

எஃப்எஃப்எம்பெக்கில் `asetrate` கொண்டும் செய்யலாம், ஆனால் அது முழு எண்ணைத்தான் வாங்கும். 48002.88 வேண்டிய இடத்தில் 48003 போட வேண்டும். என் கணக்கில் அது நல்லவேளையாக மிக அருகில் விழுந்தது. எல்லா முறையும் அப்படி விழாது, அரை ஹெர்ட்ஸ் தள்ளிப் போனால் மணிக்கு ஏறக்குறைய ஒரு ஃபிரேம் பாக்கி நிற்கும்.

முடிந்ததும் நீளத்தைச் சரிபாருங்கள். `soxi -D` கட்டளை செகண்டில் நீளம் காட்டும். என் கோப்பு 6400 செகண்டு இருந்தது, திருத்திய பிறகு 6399.616. குறைய வேண்டியது குறைந்திருக்கிறது. ஒருவேளை 6400.384 என்று வந்தால் எண்ணைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். டைம்லைனில் வைத்துப் பார்த்தாலும் இது தெரியும்: விலகல் மறைவதற்குப் பதில் இரட்டிப்பாகும். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன், ரெக்கார்டர் “வேகமாக” ஓடியது என்றால் ஒலியை “மெதுவாக்க” வேண்டும் என்று மூளை சொல்லும். கோப்பு நீளமாக இருக்கிறதா, குறுக்க வேண்டுமா, அதை மட்டும் யோசியுங்கள்.

இந்த வேலையை வெட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால், முழுக் கோப்பின் மேல் செய்யுங்கள். வெட்டிய துண்டுகளில் செய்தால் ஒவ்வொன்றையும் மறுபடி பொருத்த வேண்டும்.

பட்டிமன்றம், சொற்பொழிவு என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். பத்து லட்சத்தில் 60 பங்கு நழுவலில் ஒரு ஃபிரேம் விலக 11 நிமிடம் ஆகும். பேச்சாளர் மூச்சு விடும் இடத்தில், பத்து நிமிடத்துக்கு ஒரு வெட்டுப் போட்டு ஒரு ஃபிரேம் நகர்த்திவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. கச்சேரியில் சுருதி ஓடிக்கொண்டே இருப்பதால் அங்கே வெட்டு காதில் விழும்.

அதே கேமராவும் அதே ரெக்கார்டரும் அடுத்த முறையும் ஏறக்குறைய இதே எண்ணைத்தான் தரும். நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் அளக்காமல் பழைய எண்ணை அப்படியே போடுவதில்லை, சூடு ஏறினால் படிகத்தின் ஓட்டம் கொஞ்சம் மாறும். குளிரூட்டிய ஹாலும் மாசி மாத வெயிலில் தேர் பின்னால் போகும் ரெக்கார்டரும் ஒன்றல்ல.

## “செகண்டுக் கணக்கில் ஓடுகிறது”

ஒரு மணி நேரத்தில் மூன்றரை செகண்டு போல விலகினால் அது படிகம் இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற இந்த அளவு ஃபிரேம் ரேட்டில் மட்டும்தான் பிறக்கும். கேமராவில் 30 என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 29.97, 24 என்பது 23.976. யாரோ கிளிப்பின் `Interpret Footage` அமைப்பில் முழு 30 என்று போட்டிருப்பார்கள், படம் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாக ஓடி முடிந்துவிடும், மணிக்கு 3.6 செகண்டு ஒலி பின்தங்கும். கோப்பில் உள்ள ரேட்டுக்கே திருப்பி வையுங்கள், ஒலியைத் தொடாதீர்கள்.

நிமிடத்துக்கே ஐந்து செகண்டு ஓடி, சுருதியும் ஒரு சுரஸ்தானத்துக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை 48 என்றோ, 48ஐ 44.1 என்றோ ஏதோ ஒரு மென்பொருள் தவறாகப் படிக்கிறது. ஆடாசிட்டியில் டிராக் மெனுவில் `Rate` என்பதைச் சரியான எண்ணுக்கு மாற்றி ஏற்றுமதி செய்தால் தீர்ந்தது. இதோடு ஒட்டிய ஒரு வதந்தியையும் சொல்லிவிடுகிறேன்: ரெக்கார்டரில் 44.1ல் பதிந்ததால்தான் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது என்று பலர் சொல்வார்கள். இல்லை. எடிட்டர் அதை ஒழுங்காக 48க்கு மாற்றும்போது நீளம் மாறாது. அது தப்பாகப் போனால் சுருதியிலேயே தெரிந்துவிடும், நாலு ஃபிரேம் என்று நாசூக்காக வராது.

## “இங்கே முந்துகிறது, அங்கே பிந்துகிறது”

மூன்று இடத்தில் பார்த்தால் மூன்றுக்கும் தொடர்பே இல்லை. நடுவில் ஆறு ஃபிரேம் பிந்தல், கடைசியில் இரண்டு ஃபிரேம் முந்தல். படம் மொபைலில் எடுத்ததா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். மொபைல் வெளிச்சத்தையும் சூட்டையும் பார்த்து ஃபிரேம்களுக்கு இடையே உள்ள நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். சில எடிட்டிங் மென்பொருள்கள் எல்லா ஃபிரேமும் சம இடைவெளி என்று நினைத்து அடுக்கிவிடும்.

இதை உறுதி செய்ய ஒரு சுலபமான சோதனை உண்டு. ரெக்கார்டர் ஒலியை ஊமையாக்கிவிட்டு மொபைலின் சொந்த ஒலியையும் அதே படத்தையும் மட்டும் டைம்லைனில் பாருங்கள். அதுவே பொருந்தாமல் இருந்து, அதே கோப்பு விஎல்சியில் சரியாக ஓடினால், ரெக்கார்டர் மேல் குற்றமே இல்லை. மீடியாஇன்ஃபோவில் `Frame rate mode: Variable` என்றும் காட்டும். இதை வேகம் மாற்றித் தீர்க்க முடியாது, ஏனென்றால் திருத்துவதற்கு ஒரே ஒரு எண் கிடையாது. எடிட்டுக்குக் கொண்டுவரும் முன் சம இடைவெளிக்கு மாற்றுங்கள்:

```
ffmpeg -i phone.mp4 -fps_mode cfr -r 30 -c:v libx264 -crf 16 -c:a pcm_s16le phone_cfr.mov
```

பழைய பதிப்பாக இருந்தால் `-fps_mode cfr` என்பதற்குப் பதில் `-vsync cfr`. மாற்றிய பிறகு மறுபடி மூன்று இடத்திலும் பாருங்கள், ஏனென்றால் அடியில் கடிகார நழுவலும் ஒளிந்திருக்கலாம். அது இப்போதுதான் நேர்கோடாக வெளியே தெரியும்.

## “நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று தாவியது”

ஒரு இடம் வரை கச்சிதம், அதற்குப் பிறகு கடைசி வரை ஒரே அளவு விலகல். அந்த இடத்தில் ஏதோ தொலைந்திருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க முழுவதையும் பார்க்க வேண்டாம். நடுவில் பாருங்கள், சரியாக இருந்தால் பின்பாதியின் நடுவில், இல்லையென்றால் முன்பாதியின் நடுவில், இப்படிப் பாதி பாதியாகப் போனால் ஏழெட்டுத் தடவையில் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும்.

பெரும்பாலும் அந்த இடம் ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடமாக இருக்கும். சில கேமராக்கள் 4 ஜிபிக்கு ஒரு கோப்பு என்று உடைக்கும். ஏவிசிஎச்டி கேமராவில் கார்டிலிருந்து `.MTS` கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்து வந்தால் ஒட்டும் இடத்தில் சில ஃபிரேம் போய்விடும். கார்டின் முழு ஃபோல்டரையும் அப்படியே நகலெடுத்து, பிரீமியரின் `Media Browser` வழியாக உள்ளே கொண்டுவந்தால் ஒரே கிளிப்பாகச் சேர்ந்து வரும். கார்டை அதற்குள் அழித்துவிட்டீர்களா? அப்போது வேறு வழியில்லை, ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பொருத்துங்கள்.

ரெக்கார்டரும் உடைக்கும், பல மாடல்கள் 2 ஜிபியில். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோவில் அது 2 மணி 4 நிமிடத்துக்கு ஒரு முறை, நாலு டிராக் என்றால் அதில் பாதி. இந்தத் துண்டுகளை இடைவெளியும் ஃபேடும் இல்லாமல் முட்ட முட்ட ஒட்டினால் போதும். ஒட்டிவிட்டுத்தான் மேலே சொன்ன `speed` வேலை.

கோப்பு மாறும் இடமே இல்லாத நடு இடத்தில் தாவினால் மெதுவான மெமரி கார்டைச் சந்தேகப்படுங்கள், எழுத முடியாமல் சில சாம்பிளை விட்டிருக்கும். போனது போனதுதான். தாவிய இடத்தில் வெட்டி, பின்பகுதியை நகர்த்தி, இடைவெளியைக் கேமரா ஒலியால் மூடுங்கள். அந்தக் கார்டை அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டு போகாதீர்கள்.

## “நழுவவில்லை, ஆனாலும் ஏதோ ஒட்டவில்லை”

முழுக்க ஒரே அளவு, இரண்டு ஃபிரேம் போல ஒலி பிந்துகிறது. அலைவடிவத்தில் பார்த்தால் இரண்டும் அச்சுப் பொருத்தம். இது தூரம். ஒலி செகண்டுக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும், கேமரா மேடையிலிருந்து 25 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் மைக்குக்குச் சத்தம் 73 மில்லிசெகண்டு தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. தானாகப் பொருத்தும் வசதி நல்ல ஒலியையும் அந்தத் தாமதத்துக்கே இழுத்துக் கட்டிவிடும். பொருத்திய பிறகு ரெக்கார்டர் ஒலியைக் கையால் இரண்டு ஃபிரேம் முன்னே நகர்த்துங்கள், மிருதங்கக்காரர் கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஹாலின் ஸ்பீக்கர் கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தால் இந்தத் தூரக் கணக்கு மாறும், அங்கே கண்தான் அளவுகோல்.

கேமராமேன் இடைவேளையில் முன்வரிசைக்கு நகர்ந்திருந்தால் இந்தத் தாமதமும் குறைந்துவிடும். அப்போது முதல் அடியையும் கடைசி அடியையும் வைத்து அளந்தால் கடிகாரப் பிழையோடு தூரமும் கலந்து ஒரு பொய்யான எண் வரும். நகர்வதற்கு முன்னால் உள்ள பகுதிக்குள்ளேயே இரண்டு அடிகளை எடுத்து அளந்து, அந்த எண்ணை முழுக் கோப்புக்கும் போட்டு, நகர்ந்த பிறகு உள்ள பகுதியை மட்டும் தனியாக ஒரு முறை பொருத்திக்கொள்ளுங்கள்.